தையில் வந்த மருமகளுக்கு ஆடி வரை: புகுந்த வீட்டின் முதல் ஆறு மாதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் பெரும்பாலும் தைதான். சம்பா அறுத்து, நெல்லுக்குப் பணம் வந்த பிறகுதான் பந்தக்கால் நடுவார்கள். ஆடி பிறந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். இடையில் இருக்கிற ஆறு மாதத்தில்தான் ஒரு பெண்ணுக்கு அந்த வீட்டில் என்ன இடம் என்பது முடிவாகிறது. கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்கு நான் மருமகளாக வந்து 27 வருஷம் ஆகிறது. எனக்கு மருமகள் வந்து இரண்டு வருஷம். தெருவிலும் சொந்தத்திலும் புதுப்பெண்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டதை இங்கே எழுதியிருக்கிறேன்.

"முதல் மாசம் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய், நல்ல பேர் கிடைக்கும்னு அம்மா சொல்றாங்க. செய்யலாமா?"

வேண்டாம். உங்கள் அம்மா நல்லதை நினைத்துத்தான் சொல்கிறார். ஆனால் வீடு என்பது பழக்கத்தில் ஓடுகிற ஒன்று. முதல் நாற்பது நாளில் நீங்கள் செய்வதைத்தான் "இவள் வழக்கம்" என்று எல்லோரும் மனதில் எழுதிக்கொள்வார்கள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து வாசல் தெளித்து, கோலம் போட்டு, டிகாக்‌ஷன் இறக்கி, இட்லி ஊற்றி, எல்லோருக்கும் பரிமாறினால் முதல் வாரம் பாராட்டுவார்கள். மூன்றாவது வாரம் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆறாவது வாரம் ஒரு நாள் எழ முடியாமல் போனால், "ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்தா, இப்ப மாறிட்டா" என்பார்கள். மாறியது நீங்கள் இல்லை, கல்யாணத்துக்குப் போட்ட ஆபீஸ் லீவு முடிந்துவிட்டது. ஆனால் மாமியாருக்கு அது அப்படித் தெரியாது. அவர் மனதில் அது உண்மையான வருத்தம்.

அதனால் நான் புதுப்பெண்களுக்குச் சொல்வது இதுதான்: ஐந்தாவது மாதத்திலும் செய்ய முடிகிற வேலையை மட்டும் முதல் மாதத்தில் தொடங்குங்கள். ஒன்றோ இரண்டோ போதும். ஆனால் எடுத்த வேலையை ஒருநாளும் விடாதீர்கள். சாயங்கால விளக்கு உங்களுடையது என்றால் அது உங்களுடையதுதான், யாரும் நினைவூட்ட வேண்டிய நிலை வரக்கூடாது. பத்து வேலையைத் தொட்டு நிறுத்துகிறவளைவிட ஒரு வேலையைக் கையில் வைத்திருக்கிறவளை மாமியார்கள் நம்புகிறார்கள். எனக்கு மருமகள் வந்த பிறகுதான் இது எனக்கே முழுசாக விளங்கியது.

"ஏற்கெனவே எல்லாத்தையும் செஞ்சு மாட்டிக்கிட்டேன். இப்ப எப்படிக் குறைக்கிறது?"

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு இது நடந்தது. கும்பகோணத்தில் கல்யாணம் ஆகி வந்தாள், வேலை தஞ்சாவூரில். போக 40 கிலோமீட்டர், வர 40 கிலோமீட்டர், தினமும் பஸ். ஒரு மாத லீவில் வீட்டு வேலை முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். வேலைக்குத் திரும்பியதும் இரண்டு வாரம் தாக்குப்பிடித்தாள், அப்புறம் காய்ச்சலில் படுத்துவிட்டாள். எழுந்து வந்தபோது மாமியார் பேச்சைக் குறைத்திருந்தார். பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

அவள் முதலில் செய்த தப்பு, இரவு எட்டரைக்கு, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, "என்னால இவ்வளவும் முடியலை அத்தை" என்று சொன்னது. மாமனார், கொழுந்தன், கணவன் எல்லோர் எதிரிலும் சொன்னதால் மாமியாருக்கு அது தன்மேல் வந்த புகாராகவே விழுந்தது. அவரும் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

நான் அவளிடம் சொன்னேன்: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து அவர் அரிவாள்மணையோடு உட்காரும்போது நீயும் போய்ப் பக்கத்தில் உட்கார். காய் நறுக்கு. முடியாததைச் சொல்லாதே, எது உன்னுடையது என்று சொல். அவள் சொன்னது இது: "அத்தை, காலையில எனக்கு 5.45க்குத்தான் எந்திரிக்க முடியுது. கோலமும் சட்னியும் நான் பாத்துக்கறேன். காபியும் இட்லியும் நீங்க பாத்துக்கறீங்களா? ராத்திரி டிபன் முழுசா என்னுது, நீங்க அடுப்பு பக்கமே வர வேணாம்."

கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது. மாலையில் கால்வலியோடு அடுப்பில் நிற்பது மாமியாருக்குத்தான் பெரிய கஷ்டம், அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இவள் அதைக் கவனித்து வைத்திருந்தாள். வேலையைக் குறைக்கிற பேச்சு அவருக்கும் எதையாவது இறக்கி வைக்கிற பேச்சாக இருந்தால் காது கொடுப்பார்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. நாலாவது நாளே தஞ்சாவூரில் பஸ் கிடைக்காமல் வீடு வர எட்டு மணி ஆகிவிட்டது. அவள் ஆறரைக்கே போன் பண்ணி, "அத்தை, மாவு ஃப்ரிட்ஜில இருக்கு, நான் வந்து ஊத்தறேன், பசிச்சா மட்டும் மாமாவுக்கு ரெண்டு ஊத்திக் குடுத்துடுங்க" என்றாள். வந்து மீதியை அவளே ஊற்றினாள். மூன்று வாரத்தில் அது வழக்கமானது. "என்ன டிபன் பண்ணப் போற?" என்று கேட்டுக்கொண்டிருந்த மாமியார், ஒரு நாள் "நாளைக்கு என்ன பண்ணலாம்?" என்றார். கேள்வி அப்படி மாறினால் உங்களுக்கு அந்த அடுப்பில் பங்கு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

"நான் நெல்லைப் பக்கம். என் சமையலை இங்க யாரும் ரசிக்கல. நான் வளர்ந்த ருசியை மறந்துடணுமா?"

மறக்க வேண்டாம். ஆனால் வரிசை முக்கியம். முதலில் அந்த வீட்டுச் சமையலில் இரண்டு மூன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். அரைத்துவிட்ட சாம்பார், வத்தக்குழம்பு, மீன் சாப்பிடுகிற வீடென்றால் மீன்குழம்பு. "எவ்வளவு புளி அத்தை?" என்று கேட்டால் "கையளவுதான்" என்பார். அவர் கரைக்கிறபோது பக்கத்தில் நின்று பாருங்கள், அது எலுமிச்சை அளவா நெல்லிக்காய் அளவா என்று உங்கள் கண்ணே சொல்லும்.

உங்கள் ஊர்ச் சொதியைச் செய்யும்போது அவர்கள் குழம்புக்குப் பதிலாக வைக்காதீர்கள். அதுவும் இருக்கட்டும், இதுவும் ஒரு கிண்ணம் இருக்கட்டும். பதிலாக வைத்தால் போட்டி ஆகிவிடுகிறது. கூட வைத்தால் விருந்து. நெல்லைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு கிண்ணம் சொதி வைத்தாள். முதலில் மாமனார் மட்டும் சாப்பிட்டார். இப்போது உறவுக்காரர்கள் வந்தால் மாமியாரே "அதைப் பண்ணும்மா" என்கிறார்.

தையில் வந்தவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு, பங்குனி சித்திரை வெயில். அப்போதுதான் வடாம் பிழிவார்கள், மோர்மிளகாய் போடுவார்கள், வருஷத்துக்கு வேண்டிய குழம்புப்பொடிக்கு மிளகாய் மல்லி காயவைப்பார்கள். மொட்டை மாடியில் வெயில் ஏறுவதற்குள் கூழைப் பிழிந்து முடிக்க வேண்டும் என்பதால் இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்துதான் செய்வார்கள். கூழில் உப்பு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்க வேண்டும், காய்ந்ததும் கரிக்கும். இந்த மாதிரி விஷயங்களை மாமியார் சொல்லிக்கொடுக்கும்போது அவர் குரலே வேறாக இருக்கும். அவர் தன் மாமியாரைப் பற்றிப் பேசுவதும் அந்த மாடியில்தான். என் மாமியார் தனக்கு நடந்ததை முதல்முதலாக என்னிடம் சொன்னது வடாம் துணியை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான். அன்றைக்கு ஆபீஸ் லீவு போட முடிந்தால் போடுங்கள்.

"நான் சொன்னா சண்டை வருது. அவர் சொன்னா 'பொண்டாட்டி பேச்சு'ங்கறாங்க. யார்தான் சொல்றது?"

அன்றாட வேலை, சமையல், நேரம் இவற்றை நீங்களே மாமியாரிடம் சொல்லுங்கள். அதைப் பிள்ளை வந்து சொன்னால் "என்கிட்ட சொல்ல அவளுக்கு வாய் இல்லையா" என்று தோன்றும், அது நியாயமும்கூட. பணம், வெளியூர்ப் பயணம், எங்கே குடியிருப்பது, குழந்தை எப்போது என்கிற பேச்சு, இவையெல்லாம் பிள்ளை சொல்ல வேண்டியவை. அதிலும் "அவ சொல்றா" என்று அவர் தொடங்கக்கூடாது, "நான் இப்படி நினைக்கிறேன்மா" என்று தொடங்க வேண்டும். உண்மையிலேயே இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணியிருந்தால் அது பொய்யும் இல்லை.

இன்னொன்றையும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா உங்களைப் பற்றிச் சொன்னதை உங்களிடமும், நீங்கள் சொன்னதை அம்மாவிடமும் கொண்டுபோய்ச் சேர்க்காமல் இருக்கட்டும். நல்ல பிள்ளைகள்கூட இதில் தவறுகிறார்கள். அம்மா சமையலறையில் எரிச்சலில் சொன்ன ஒரு வார்த்தை, இரவு உங்கள் அறையில் தீர்ப்பு மாதிரி வந்து விழும்.

"ஜூன்ல தண்ணி வருது. குறுவைச் செலவுக்கு என் நகையை வைக்கக் கேக்கறாங்க. குடுக்கலைன்னா மரியாதை போயிடுமா?"

விவசாயக் குடும்பத்தில் கல்யாணமான பெண்கள் என்னிடம் அதிகம் கேட்கிற கேள்வி இது. மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பார்கள். அதற்கு முன்பே உழவு, விதை, உரம், நடவுக்கூலி என்று செலவு வந்து நிற்கும். சம்பாப் பணம் உங்கள் கல்யாணத்திலேயே கரைந்திருக்கும். அப்போது வீட்டில் இருக்கிற ஒரே கையிருப்பு பெரும்பாலும் புதுமருமகளின் நகைதான். நகையை அடகு வைத்துப் பயிர் வைப்பது இங்கே தலைமுறை வழக்கம், அதனால் கேட்பவர்களை உடனே கெட்டவர்களாக நினைக்க வேண்டாம்.

அதே சமயம், கல்யாணத்தில் உங்களுக்குப் போட்ட நகை உங்களுடையது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அதை உங்கள் முழுச் சொத்தாகத்தான் பார்க்கிறது. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் முடிவு. இந்தச் சட்டத்தை மாமனாரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மனதில் தெளிவாக இருந்தால் குரல் நடுங்காது, அது போதும்.

கொடுப்பதென்றால் எப்படிக் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணிடம் 8 பவுன் கேட்டார்கள். அவள் கணவனோடு உட்கார்ந்து, எத்தனை ஏக்கர், எவ்வளவு செலவு என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தாள். 4 பவுன் போதும் என்று தெரிந்தது, மீதியில் பழைய கடன் ஒன்று ஒளிந்திருந்தது. அவள் மாமனாரிடம் சொன்னாள்: "மாமா, பயிருக்கு 4 பவுன் தரேன். சீட்டு என்கிட்ட இருக்கட்டும். குறுவை அறுத்ததும் மீட்டுருவோம்." பழைய கடனைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அது அவருக்குத் தெரியும், இவளுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் சரி என்றார்.

யார் பெயரில் வைப்பது என்பதைக் கவனமாக யோசியுங்கள். உங்கள் பெயரில் வைத்தால் நகை உங்கள் கைக்கு மட்டுமே திரும்பி வரும், ஆனால் கடனும் உங்கள் பெயரில்தான் ஓடும். விவசாய நகைக்கடனுக்கு வட்டி குறைவு, ஆனால் அதற்குப் பெரும்பாலும் சிட்டா, அடங்கல் கேட்பார்கள், அவை மாமனார் பெயரில் இருக்கும். அதனால் வட்டிக்காக அவர் பெயரில் வைக்க நேரலாம். அப்படி வைத்தால் எந்த நகை, எத்தனை கிராம், எந்தத் தேதி என்று எழுதி, நகையைப் போட்டோ எடுத்து, சீட்டின் நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். கணவனே எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்குவது நல்லது. "வீட்டுக்கணக்கு நோட்டுல எழுதி வைக்கிறேன்பா" என்றால் யாருக்கும் உறுத்தாது.

மீட்கிற தேதியைப் பயிரோடு சேர்த்துப் பேசுங்கள். குறுவை சுமார் 110, 115 நாள் பயிர். அறுவடை செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை இழுக்கும், அப்போதுதான் மழையும் தொடங்கும். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுப்பதில் சிக்கல் வரும், ரோட்டில் கொட்டிக் காயவைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். பணமும் விவசாயியின் வங்கிக் கணக்குக்குத்தான் போகும், உங்களுக்கு வராது. நான் சொன்ன பெண்ணுக்கும் அப்படித்தான் ஆனது. தீபாவளிக்கு முன்னால் பாதிதான் கட்ட முடிந்தது, மீதி தையில் சம்பாப் பணத்தில் வந்தது. ஆனால் மாமனார் அறுவடை தள்ளிப்போகும்போதே அவளைக் கூப்பிட்டு, "கொஞ்சம் தாமதமாகும்மா" என்று சொன்னார். மருமகளைக் கூப்பிட்டுக் கணக்குச் சொல்கிற பழக்கம் அந்த வீட்டில் அதற்கு முன் இருந்ததில்லை.

கேட்காமல் பீரோவிலிருந்து நகை போயிருந்தாலோ, போன தடவை வைத்ததே வராமல் மறுபடியும் கேட்டாலோ, "முதல்ல அதை மீட்டுக்கலாம் மாமா" என்று நின்றுவிடுங்கள். இதில் விட்டுக்கொடுப்பதால் மரியாதை கூடி நான் பார்த்ததில்லை.

"சம்பளத்தை மாமனார் கையில குடுக்கணுமா?"

வேண்டாம். உங்கள் கணக்கு உங்களுடையதாகவே இருக்கட்டும். மாதாமாதம் வீட்டுச் செலவில் ஒன்றை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள்: மளிகை, அல்லது பால், அல்லது கரண்டு பில். பணமாகக் கொடுத்தால் எவ்வளவு என்கிற பேச்சு வரும். செலவாக எடுத்துக்கொண்டால் வராது.

"மாமியாரை 'அம்மா'ன்னு கூப்பிடச் சொல்றாங்க. எனக்கு வரலை."

வராவிட்டால் "அத்தை" என்றே கூப்பிடுங்கள். நம் பக்கத்தில் அதுதான் முறையும்கூட. வாயில் வராத "அம்மா"வை மாமியார்கள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். வீட்டுக்கு வரும் உறவுகளிடம் "எங்க அத்தை" என்று சொல்லுங்கள், "அவங்க" என்று சொல்லாதீர்கள். நாத்தனார், ஓரகத்தி விஷயத்திலும் இதே கணக்குதான்.

"அம்மாகிட்ட தினமும் போன் பேசினா இங்க முகம் மாறுது."

அவர்களைப் பயமுறுத்துவது போன் இல்லை, மூடிய கதவு. புதுப்பெண் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினால், வெளியே இருப்பவர்களுக்கு அது தங்களைப் பற்றிய பேச்சாகத்தான் கேட்கும். தினமும் ஒரு நேரம் வைத்துக்கொண்டு, கூடத்திலோ திண்ணையிலோ பத்து நிமிஷம் பேசுங்கள். சில நாள் "அத்தைகிட்ட குடுக்கறேன்" என்று போனை நீட்டுங்கள். சம்பந்திகள் இரண்டு பேரும் உங்கள் வழியாக இல்லாமல் நேராகப் பேசத் தொடங்கினால் உங்கள் பாரம் பாதி குறையும்.

மனம்விட்டு அழ வேண்டிய நாளும் வரும். அந்தப் பேச்சை வெளியே போகிறபோது, பஸ்ஸில், ஆபீஸ் இடைவேளையில் பேசிக்கொள்ளுங்கள். அதை ஒளிப்பதாக நினைக்க வேண்டாம், உங்களுக்கென்று ஒரு இடம் வேண்டும்தானே. ஆனால் ஒன்று: மாமியார் சொன்னதை அன்றன்றைக்கு அம்மாவிடம் ஒப்பிக்காதீர்கள். உங்களுக்கு மறுநாள் மறந்துவிடும், உங்கள் அம்மாவுக்கு மறக்காது.

"எதுவரைக்கும் பொறுத்துக்கிறது?"

குத்தல் பேச்சு, சமையல் குறை, முகத்தூக்கல் இவற்றைப் பேசிச் சரிசெய்யலாம், காலம் எடுக்கும். கை ஓங்குவது, இன்னும் பவுன் கொண்டுவா என்பது, போனைப் பிடுங்கி வைப்பது, வேலைக்குப் போகவிடாமல் பூட்டுவது, இவற்றில் பொறுத்துப்போக எதுவும் இல்லை. வரதட்சணை கேட்பது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அந்த வீட்டில் தங்கியிருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, வெளியே போ என்று தள்ள முடியாது. 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். முதல் தடவையே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள், இரண்டாவது தடவைக்குக் காத்திருக்காதீர்கள்.

"ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போறேன். ஒரு மாசம் கழிச்சு வரும்போது எல்லாம் பழையபடி ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

கொஞ்சம் ஆகும். நீங்கள் இல்லாத மாதத்தில் ராத்திரி டிபன் மறுபடி மாமியார் கைக்குப் போய்விடும், சாமான்கள் இடம் மாறியிருக்கும். வந்த மறுநாளே ஒன்றும் சொல்லாமல் உங்கள் வேலையை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாக்கள் எங்கே போயின என்று கேட்டுக்கொள்ளுங்கள், திருப்பி அடுக்காதீர்கள்.

போயிருக்கும்போது நடுவில் ஒரு நாள் வருகிறது, ஆடிப்பெருக்கு. அன்றைக்குப் படித்துறையில் புதுப்பெண்களுக்குத் தாலிக்கயிறு மாற்றுவார்கள். காதோலை கருகமணி, மஞ்சள், காப்பரிசி வைத்துப் படைத்து, பத்திரமாக வைத்திருந்த கல்யாண மாலையை ஆற்றில் விடுவார்கள். இரண்டு வீட்டுக்கும் வசதியான ஒரு படித்துறையில் சேர்ந்து செய்யலாம் என்று நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள். பல வீடுகளில் மாலை மாமியாரிடம்தான் இருக்கும், சாமி அறைப் பரணில் துணியில் சுற்றி வைத்திருப்பார். "மாலையை நீங்களே எடுத்துட்டு வந்துடுங்க அத்தை, நான் காப்பரிசி கலந்து கொண்டு வரேன்" என்று ஆடி முதல் வாரத்திலேயே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். அரிசியை ஊறவைக்கும்போது எள்ளும் வெல்லமும் எவ்வளவு என்று அவரையே கேளுங்கள், அந்த வீட்டு அளவு உங்கள் அம்மா வீட்டு அளவாக இருக்காது.